காந்தத்தில் ஒட்டாத கம்பிகள்

அந்தக் குழாய் வேலைக்காரருக்குத் தெருவில் காந்தம் என்றே பெயர். குளியலறைக்குத் துண்டு போடும் கம்பியோ கொக்கியோ வாங்கினால், முதலில் அதில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டாவிட்டால் 304 ரக எஃகு, துருவே பிடிக்காது என்பது அவருடைய தீராத நம்பிக்கை.

அந்த நம்பிக்கையோடுதான் தன் அக்காவின் வீட்டிலும் பொருத்திக் கொடுத்திருந்தார். ஜன்னலில்லாத குளியலறை, வெந்நீர் ஆவி வெளியேற வழியில்லை, தரையைக் கழுவும் பிளீச்சிங் நெடியும் அங்கேயே தங்கும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கம்பியெங்கும் செம்புள்ளிகள். வெள்ளை டைல்ஸில் பழுப்புக் கோடுகள்.

அக்காவின் மாமியார் கறைபட்ட துண்டை எல்லோருக்கும் காட்டினார். "உன் தம்பி கமிஷன் நல்லா பார்த்திருக்கான்." அக்கா துண்டை மீண்டும் ஊறவைத்தாள். தம்பியைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் குரல் உடைந்தது.

கழற்றிய கம்பியோடு அவர் கடைக்குப் போனார். கடைக்காரர் அதில் ஒரு சொட்டுச் சோதனைத் திரவம் விட்டு, சிறு பேட்டரியின் முனைகளை வைத்தார். சொட்டு சிவந்தது.

"சிவந்தா 202 ரகம்ணே, மலிவுச் சரக்கு. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைக் கூட்டியிருக்கான். மட்டமான சரக்குல குரோமியமும் குறைவு. ஈரமும் பிளீச்சிங்கும் சேர்ந்தா தாங்காது."

"காந்தம் ஒட்டலையேப்பா?"

"இதுலயும் ஒட்டாதுண்ணே. காந்தம் ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது." குரலைத் தாழ்த்தினார். "கம்பெனிக்காரன் சரக்கை மாத்திட்டான்னு வீட்ல சொல்லிடுங்க. யாரு கேக்கப் போறா?"

பொய்யைக் கட்டிக் காப்பாற்றக்கூடத் தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை. 304 கம்பியும் அதே ரகத் திருகுகளும் வாங்கி, திரவத்தையும் இரவல் பெற்றுக்கொண்டு நடந்தார்.

அக்கா வீட்டுக் கூடத்தில் அனைவர் முன்னும் சோதித்தார். பழையது சிவந்தது, புதியது சிவக்கவில்லை.

"கமிஷன் வாங்கல, மாமா. தெரியாமத்தான் போட்டேன். இத்தனை நாளா தப்பாவே பார்த்திருக்கேன்."

அக்கா கணவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திருடன்னாகூட ஒருதரம் திட்டிட்டு விட்டுடலாம் மச்சான். நீ நம்பிக்கையா தப்பு பண்ணியிருக்கியே!"

மாமியார் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி சரி, டைல்ஸ் உடையாம மாட்டு. மருமகளே, தம்பிக்குத் தண்ணி குடு."

அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. அவருக்கோ தோளெல்லாம் கனத்தது: இதே கம்பியை எத்தனை வீடுகளில் மாட்டியிருக்கிறார்!

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலேயே, தன் எதிர்வீட்டு அழைப்புமணியை அழுத்தினார்.

"என்னண்ணே, நாங்க யாரும் கூப்பிடலையே?"

"தெரியும்மா. உங்க குளியலறையில நான் மாட்டின கம்பியைக் கொஞ்சம் பார்க்கணும்" என்று செருப்பைக் கழற்றினார்.