தோண்டாமல் கொடுத்த கடிதம்

ஊரில் அவருக்குக் ‘குழி எஞ்சினியர்’ என்று பெயர். மாடி கட்டலாமா என்று யார் கேட்டாலும், "முதல்ல தூணோரமா ஒரு குழி தோண்டுங்க, அப்புறம் பேசலாம்" என்பார். அடித்தளத்தைக் கண்ணால் பார்க்காமல் ‘தாங்கும்’ என்று கடிதம் தரமாட்டார். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

சொந்த அக்கா வீட்டுக்கு மட்டும் குழி தோண்டவில்லை. வீட்டைச் சுற்றிலும் தரையில் புதிதாக ஓடு பதித்திருந்தாள். "ஒடைச்சிடாதடா" என்றாள் ஒரே ஒரு தடவை. அவரும் பழைய வரைபடத்தைப் பார்த்தார், தூண்களைக் கருவியால் தட்டிப் பார்த்தார். கான்கிரீட் நன்றாகத்தான் இருந்தது. ‘மேலும் ஒரு தளம் தாங்கும்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மருமகள் பிள்ளை பெற்று வருவதற்குள் மாடி எழும்ப வேண்டும் என்று அக்காவுக்கு அவசரம்.

மொட்டைமாடியில் கம்பி நிற்கத் தொடங்கிய மூன்றாம் நாள், கழிவுக்குழாய்க்காகப் பள்ளம் எடுத்த மேஸ்திரி அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், கொஞ்சம் எறங்கிப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல."

இறங்கினார். தூணின் அடிப்பீடம் வரைபடத்தில் ஐந்தடிச் சதுரம். டேப்பில் மூன்றரைதான் வந்தது. பரப்பில் பாதிகூட இல்லை. எதிர்த் தூணோரம் இருந்த ஓடுகளைத் தானே பெயர்த்து, அங்கேயும் தோண்டச் சொன்னார். அங்கேயும் மூன்றரை.

பள்ளத்திலிருந்து ஏறும்போது மேஸ்திரி கை கொடுத்தார். அந்தக் கையைப் பிடிக்கவே கூசியது.

"வேலைய நிறுத்துங்க மாமா. என் கடிதத்தத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றார் அக்கா புருஷனிடம்.

மாமாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "மண்ணு சரியில்லன்னு எழுது தம்பி. மண்ணு வந்து மறுப்பா சொல்லப் போகுது? உன் பேரும் கெடாது."

ஒரு நிமிஷம் அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதே அவருக்கு அசிங்கமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். ‘அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்காமல் முந்தைய கடிதத்தை அளித்தேன். அது என் தவறு. மண் பரிசோதனையும் புதிய கணக்கீடும் முடியும்வரை மேல்தளத்தில் எந்தச் சுமையும் ஏற்றக் கூடாது.’ நகல், கட்டட அனுமதிப் பிரிவுக்கு.

அக்கா படித்தாள். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"ஊருக்கெல்லாம் கண்டிப்பு. எனக்கு மட்டும் எதுக்குடா எளகின?"

"பெற்றுக்கொண்டதா ஒரு கையெழுத்துப் போடுக்கா" என்றார், தலை நிமிராமல்.

போட்டாள். "கம்பி கட்டுறவங்ககிட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

படியேறினார். மேலே நால்வர் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் ஓயும்வரை காத்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நிறுத்துங்கப்பா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."