முப்பது டிகிரியில் உறைந்த தயிர்

எலிமாமாவுக்கு இன்னொரு பெயர் உண்டு என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் எலிமாமாதான். ஒருமுறை அவர் மனைவியே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எலிமாமா இருக்காரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த எலிக்கூடத்தை இருபத்திரண்டு வருடமாக அவர்தான் பார்த்துக்கொண்டார். அறுநூறு சுண்டெலிகளுக்குத் தீனி வைப்பதும், மரத்தூள் மாற்றுவதும், குட்டி போட்டால் தேதி எழுதுவதும் அவர் வேலை. பெருமை அடித்துக்கொள்ள அவரிடம் அதிகம் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று: இத்தனை வருடத்தில் ஒரு கூண்டைக்கூட மாற்றி வைத்ததில்லை. இந்த ஒன்றை அவர் கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்வார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் பொறுப்பில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் பன்னிரண்டு எலிகள் இருந்தன. ஆறு சாதாரண எலிகள். மற்ற ஆறுக்கு ஒரே ஒரு புரதம் கிடையாது. பிறவியிலேயே அதற்கான மரபணு செயல்படாத வம்சம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"அப்படி என்ன பாப்பா பெரிய புரதம்?" என்று முதல் நாளே கேட்டார்.

அவள் ஒரு மரத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து விளக்கினாள். "எலி முதுகில, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவில பழுப்புக் கொழுப்புன்னு ஒண்ணு இருக்கு மாமா. அதோட செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா நிறைய. ஒரு விளையாட்டு மைதானம்னு வெச்சுக்குங்க. உணவை எரிச்சு வர்ற சக்தியில, புரோட்டான்களை எல்லாம் கேட்டுக்கு வெளியே தள்ளிடுவாங்க. வெளியே ஒரே கூட்டம். எல்லாரும் உள்ளே வரத் துடிப்பாங்க. ஆனா சுழல்கதவு வழியாத்தான் வரணும். கதவு சுத்த சுத்த ஏ.டி.பி. தயாராகும். உடம்பு செலவு பண்ற சக்தி அதுதான்."

"சரி."

"இந்தப் புரதம் என்ன பண்ணும்னா, மதில்ல ஒரு பின்வாசலைத் திறந்து விட்டுடும். கூட்டம் சுழல்கதவைத் தொடாம உள்ளே வந்துடும். ஏ.டி.பி. வராது. தள்ளுமுள்ளுல இருந்த சக்தி அத்தனையும் சூடாப் போயிடும்."

"டிக்கெட் எடுக்காம பின்பக்கமா வர்ற கூட்டம்னு சொல்லு."

"அதேதான். குளிர்ந்தா நரம்பு சேதி சொல்லும், கொழுப்பு கரையும், அந்தக் கொழுப்பு அமிலம்தான் பின்வாசலுக்குச் சாவி. எரிக்கிற விறகும் அதுதான்."

"பின்வாசல் இல்லாத எலி?"

"தசையை நடுக்கித்தான் சூடு பண்ணணும். திடீர்னு கடுங்குளிர்ல விட்டா ரொம்ப நேரம் தாங்காது. அதைத்தான் அளக்கப் போறேன்."

அளப்பதற்கு முன் எலிகளைச் சொகுசாக வைத்திருக்க வேண்டும். முப்பது டிகிரி சூட்டில் சுண்டெலிக்குத் தனியாகச் சூடு தயாரிக்கும் அவசியம் இல்லை. பழுப்புக் கொழுப்பு சும்மா கிடக்கும். அதற்காக ஒரு சூட்டு அலமாரி உண்டு. அதன் கீழ்த்தட்டில் பன்னிரண்டு கூண்டுகளையும் அடுக்கி, "நாலு வாரம் மாமா, முப்பது டிகிரி, அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மாணவி வெளியூருக்குப் பயிற்சிக்குப் போனாள்.

அவள் போன மறுநாள் எலிமாமாவின் மாமியார் வந்து இறங்கினார்.

அம்மையாருக்கு எல்லாம் பிடித்திருந்தது, தயிரைத் தவிர. குளிரில் பால் உறையவில்லை. முதல் நாள் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். இரண்டாம் நாள் கரண்டியால் தட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் வாய் திறந்தார்.

"மாப்பிள்ளை, இதைத் தயிர்னு யார் உங்களுக்குச் சொன்னது?"

"குளிர் அத்தை, அதான்..."

"குளிர் எங்க ஊர்லயும்தான் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா ஆராய்ச்சி நிலையத்துல இருக்கீங்க, ஒரு குண்டான் பாலை உறைய வைக்க வக்கில்லையா?"

மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த முந்தானைதான் எலிமாமாவைச் சுட்டது.

மறுநாள் மாலை சூட்டு அலமாரியில் ஒரு தூக்குவாளி ஏறியது. முப்பது டிகிரியில் அது அவசரமில்லாமல், ராத்திரி முழுக்க நிதானமாக உறைந்தது. காலையில் கவிழ்த்தாலும் விழாத தயிர். மாமியார் கரண்டியைச் செருகினார், கரண்டி நின்றது. "பரவாயில்லையே" என்றார். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் எலிமாமா அவர் வாயிலிருந்து கேட்ட முதல் பரவாயில்லை அது.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். மாடிவீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒரு பாத்திரம் நீட்டினார். மூன்று நாளில் ஏழு பாத்திரங்கள் சேர்ந்தன, கீழ்த்தட்டு போதவில்லை. எலிமாமா சிறிது யோசித்துவிட்டு, பன்னிரண்டு கூண்டுகளையும் அடுத்த அறையின் ஜன்னலோர அடுக்குக்குக் குடிபெயர்த்தார். அங்கே பதினெட்டு டிகிரி. 'எலிக்குப் பதினெட்டு ஒரு குளிரா?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அலமாரியின் பதிவுக்கருவி முப்பது, முப்பது என்று சாதுவாக எழுதிக்கொண்டே இருந்தது. எதற்கு முப்பது என்று அதை யாரும் கேட்கவில்லை.

மாமியார் ஊருக்குப் போனார். மாணவி வருவதற்கு முந்தின நாள் கூண்டுகள் பழைய இடத்துக்குத் திரும்பின.

அவள் வந்த கையோடு எலிகளை நாலு டிகிரிக் குளிரறையில் வைத்தாள். மணிக்கொரு தரம் உடல்சூடு பார்த்தாள். புரதம் இல்லாதவை முப்பதுக்குக் கீழே இறங்கினால் உடனே எடுத்துக் காப்பாற்ற, சூடான மெத்தைகூடத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. முதல் நாள் போயிற்று, ஒரு வாரமும் போயிற்று. பன்னிரண்டும் முப்பத்தாறு, முப்பத்தேழு டிகிரி உடல்சூட்டோடு தீனி தின்றுகொண்டிருந்தன.

எட்டாம் நாள் அவள் எலிக்கூடத்துக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. கூண்டு ஏதாவது மாறிப்போச்சா?"

எலிமாமா கையிலிருந்த தீனிச் சட்டியைக் கீழே வைத்தார். "என்ன கேட்டே?"

"புரதம் இல்லாத எலி இப்படித் தாங்காது மாமா. இதுங்க எல்லாமே சாதாரண எலின்னுதான் மேடம் நினைக்கிறாங்க. காதுத் துண்டை மரபணுச் சோதனைக்குக் கேட்டிருக்காங்க. அந்த மெஷின் ரிப்பேர், முடிவு வர மூணு நாள் ஆகும். ஆனா மேடம் இப்பவே..." அவள் முடிக்கவில்லை.

அவள் மேடம் என்று சொன்ன வழிகாட்டிப் பேராசிரியர் அம்மா முடித்து வைத்தார். அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, மெதுவாகவே சொன்னார். "ஒரு கூண்டு மாறியிருந்தா மொத்தக் கூடத்தையும் நம்ப முடியாது. சோதனை முடியற வரைக்கும் நீங்க கிடங்குல இருங்க. சாவியைக் குடுத்துடுங்க."

"மூணு நாள் என்னைக் கூண்டு மாத்தினவன்னு பார்ப்பாங்களா மேடம்?"

"வேற வழி?"

அவர் சாவியைக் கொடுக்கவில்லை. "கடைசியா மரத்தூள் மாத்திட்டு வர்றேன்" என்று குளிரறைக்குப் போனார்.

முதல் எலியைக் கையில் எடுத்தார், ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தூக்கியபோது உள்ளங்கையில் ஏதோ ஓடியது. அலைபேசியைச் சத்தமில்லாமல் வைத்தால் சட்டைப்பைக்குள் துடிக்குமே, அந்த மாதிரி நிற்காத, மெல்லிய நடுக்கம். அட்டையைப் பார்த்தார்: புரதம் இல்லாதது. இன்னொன்றை எடுத்தார், அதற்கும் துடிப்பு. எலிமாமா அப்படியே நின்றுவிட்டார். பின்வாசல் இல்லாதவன் தசையைத்தானே நம்ப வேண்டும்?

பத்து நிமிடத்தில் பேராசிரியரையும் மாணவியையும் குளிரறைக்குள் நிறுத்தினார். மூவர் வாயிலிருந்தும் புகை வந்தது.

"என் கண்ணைக் கட்டுங்க மேடம். ஒண்ணொண்ணா கையில குடுங்க. பாப்பா அட்டையைப் பார்த்துக் குறிச்சுக்கட்டும்."

"எலிமாமா, இது என்ன கண்ணாமூச்சியா?"

"கட்டுங்க. தோத்தா நானே கிடங்குக்கு நடந்து போறேன்."

மாணவி துண்டால் கட்டினாள். முதல் எலி வந்தது. "இவன் அமைதி. பின்வாசல்காரன்." அடுத்தது. "இது நடுங்குது. இல்லாதவன்." அடுத்தடுத்து வந்தன. ஒன்பதாவதில் தடுமாறினார். "இரு இரு, இவன் பயத்துல துடிக்கிறானா, குளிர்லயான்னு தெரியல. கொஞ்ச நேரம் கையில விடு." அரை நிமிடம் போனது. "பயம்தான். நின்னுருச்சு. பின்வாசல்காரன்."

துண்டை அவிழ்த்தபோது மாணவி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பன்னிரண்டும் சரி மேடம். அட்டையில இருக்கிறபடியே."

எலிமாமா மீசையைத் தடவிக்கொண்டார். அந்தச் சந்தோஷம் நாலு நொடி நீடித்தது.

"கூண்டு மாறலை, ஒத்துக்கறேன்," என்றார் பேராசிரியர். "அப்ப இது பழைய கதை. புரதம் இல்லாத எலியைச் சூட்டுல இருந்து நேரா குளிர்ல போட்டாத்தான் தாங்காது. சில வாரம் மிதமான குளிர்ல பழக்கிட்டுப் போட்டா, விடாம நடுங்கியே சமாளிச்சிடும். ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தான்." அவர் மாணவி பக்கம் திரும்பினார். "ஆனா நீ முப்பதுலதானே வெச்சிருந்தே? யாரு பழக்கினது? அலமாரியைச் சரியா அமைச்சியா இல்லையா?"

"அமைச்சேன் மேடம். பதிவுல முப்பதுன்னுதான்..."

"பதிவைத் தூக்கிக் குப்பையில போடு. எலி பொய் சொல்லாது."

மாணவியின் உதடு நடுங்கியது. அது குளிரால் இல்லை. எலிமாமா தரையைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கூண்டு மாற்றாதவர் என்ற பேர் மிஞ்சும்; அலமாரியைச் சரியாக அமைக்காதவள் என்ற பேர் அவளுக்குப் போகும்.

"நான்தான் மேடம்."

"என்ன நான்தான்?"

"கூண்டெல்லாம் ஜன்னலோரம் இருந்துச்சு. மூணு வாரம். பதினெட்டு டிகிரி."

"ஏன்?"

எலிமாமா தொண்டையைச் செருமினார். "அலமாரியில இடம் இல்லை."

"கீழ்த்தட்டு முழுக்க எலிக்குத்தானே ஒதுக்கினது! அதுல என்ன இருந்தது?"

"...தயிர்."

பேராசிரியர் அம்மா கதவைத் திறந்து வெளியே போனார். நடைபாதையில் அவர் தோள் குலுங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அழுகையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க எலிமாமாவின் விரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

"எத்தனை பாத்திரம் மாமா?" என்று மாணவி கேட்டாள்.

"ஏழு."

"கொன்னுடுவேன் உங்களை." ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மரபணுச் சோதனையும் மூன்றாம் நாள் எலிமாமாவின் விரல் சொன்னதையே சொன்னது. மாணவி புதிய எலிகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சூட்டு அலமாரிக்குப் பூட்டு வந்தது, சாவி அவளிடம். எலிமாமாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது: அனுமதியின்றிக் கூண்டுகளை இடம் மாற்றியது, ஆய்வு அறையில் உணவுப் பொருள் வைத்தது, இனி நடந்தால் வேலை போகும்.

அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தார்.

"இதுல எது தப்பு?" என்றார் பேராசிரியர்.

"எல்லாம் சரிதான் மேடம். ஒரு வரி குறையுது. கூண்டு எதுவும் ஒண்ணோட ஒண்ணு மாறலைன்னு எழுதுங்க."

"இது எச்சரிக்கைக் கடிதம் எலிமாமா. நற்சான்றிதழ் இல்லை."

"அதனாலதான் கேக்கறேன். யாராவது பின்னாடி எடுத்துப் படிச்சா தப்பா நினைச்சுக்குவாங்கல்ல?"

பேராசிரியர் பெருமூச்சு விட்டு, கடைசியில் பேனாவால் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். எலிமாமா கையெழுத்திட்டார். நகல் ஒன்று கேட்டு வாங்கினார். மேலே இருந்த இரண்டு குற்றங்களையும் அப்படியே விட்டு, கீழ் வரியை மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, எலிக்கூடத்துக் கதவில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினார்.