வெளுப்பாக்கிய முகம்

யாங்கோன் நகரின் லத்தா பகுதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவரை எல்லோரும் மரியாதையாக, பர்மிய மொழியில் ஆசான் என்று பொருள்படும் ‘ஸயா’ என்பார்கள். குழந்தையைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பால்மாவுக் கம்பெனியின் குழந்தைப் படப் போட்டிக்கு டப்பா லேபிளோடு அனுப்ப, என் கைக்குழந்தையைப் படமெடுக்கப் போயிருந்தேன். முன்பு அதே போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கிய மூத்தவளும் வந்தாள்.

“ஸயா, தம்பியை நல்லா வெள்ளையாக்குங்க. என்னைக் கொஞ்சந்தான் ஆக்குனீங்க. அதான் மூணாவது,” என்றாள்.

அவர் முகம் வாடியது.

“நடுவருங்க வெளுத்த முகத்தைத்தாம்மா முதல்ல எடுப்பாங்க. அதனால எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்குவேன். பிள்ளைக்குப் புரியும்னு நெனைக்கலை,” என்றார் என்னிடம்.

தம்பியின் படத்தை அவன் நிறத்திலேயே அச்சிட்டுத் தந்தார். பரிசு வரவில்லை.

“ஸயா சரியாச் செய்யலை,” என்றே மகள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.