மதிப்பெண் அட்டவணையும் வரிசை எண்ணும்

“இன்னாம்மா இது, ஒரே நோட்டுல இருந்தத மூணா வெட்டிட்ட? எந்தத் துண்டு யாருதுன்னு அந்த மிஷினு எப்படிக் கண்டுபுடிக்கும்?”

திண்டிவனத்தில் சிஸ்டர்கள் நடத்திய சிறிய பெண்கள் பள்ளியின் கிளார்க் என்னிடம் இப்படிக் கேட்டார். விழுப்புரத்தில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் கேள்வி எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அவருடைய நோட்டில் ஒவ்வொரு தேர்வுக்கும் மாணவியின் பெயர், அப்பா பெயர், ஊர், பாடம், பாட ஆசிரியை எல்லாம் மறுபடி மறுபடி எழுதியிருக்கும். ஓர் ஆசிரியை மாறினால் நாற்பது இடத்தில் அடித்துத் திருத்த வேண்டும். சோதனையாக ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் நான் மூன்று அட்டவணை போட்டேன். மாணவியின் விவரம் ஒன்றில், ஒரே ஒரு முறை. பாடமும் அதை நடத்துபவரும் இன்னொன்றில். மூன்றாவதில் மாணவியின் எண், பாடக் குறியீடு, தேர்வு, மதிப்பெண். எண், பாடம், தேர்வு மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒரே ஒரு மதிப்பெண்தான் வரும்.

“எண்ணு சேத்துடும் சார்” என்றேன்.

“எந்த எண்ணு?”

“வகுப்பு வரிசை எண். ரெண்டு இலக்கம், தட்டறதுக்குச் சுளுவு.”

“சேர்க்கை எண்ணு வச்சுக்கக் கூடாதா? சேர்றப்போ குடுத்தா, போற வரைக்கும் அதான்.”

“அது நாலு இலக்கம் சார். நான் பாத்துக்கறேன்.”

அரையாண்டு மதிப்பெண்களை ஏற்றி முடித்தேன். ஜனவரியில் வகுப்புக்கு ஒரு மாணவி புதிதாக வந்தாள். அங்கே வரிசை எண் அகர வரிசைப்படிதான். அவளுக்கு ஒன்பது கிடைக்க, பழைய ஒன்பது பத்தானாள், பத்து பதினொன்றானாள், கடைசிவரை அப்படியே. கிளார்க் புதுப் பட்டியலைக் கொடுத்துவிட்டார். நான் மாணவி அட்டவணையில் எண்களை மாற்றினேன். மதிப்பெண் அட்டவணையைத் தொடவில்லை. பிறகு முன்னேற்ற அட்டைகளை அச்சடித்தேன்.

கடைசிப் பெண்ணின் அட்டை வெறுமையாக வந்தது. ஏற்றும்போது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்றினேன். தேர்வே எழுதாத புது மாணவிக்கு மதிப்பெண் இருந்தது. பழைய பள்ளியிலிருந்து வாங்கியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நின்று யோசித்திருக்க வேண்டிய இடங்கள் அவை.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை ஆசிரியை சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஓர் அட்டை இருந்தது. நன்றாகப் படிக்கும் பெண், மூன்று பாடத்தில் ஃபெயில்.

“அவங்க அப்பா படிப்பை நிறுத்திட்டார். மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்கப் போய்க்கினு இருக்காளாம். விடைத்தாளை எடுத்துக் காட்டியிருக்கா. மிஷினு பொய் சொல்லுமான்னு கேட்டாராம்.”

கிளார்க் சுவரோரம் நின்றிருந்தார். என் வாய் தானாகச் சொன்னது: “அவர் எழுதிக் குடுத்ததத்தான் ஏத்தினேன், சிஸ்டர்.”

சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். “இத்தனை வருஷம் எழுதியும் இப்படியா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “பாக்கறேன், சிஸ்டர்” என்று மட்டும் சொன்னார். அன்று அவர் நோட்டை வாங்கிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அதைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை சென்டரில் நோட்டையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நோட்டில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பெண் பதினாறாக இருந்து பதினேழானவள். பழைய பதினேழின் மதிப்பெண் அவள் தலையில் விழுந்திருந்தது. ஒன்பதிலிருந்து, கடைசிப் பெண்ணைத் தவிர, எல்லோருக்கும் அப்படித்தான். கூடுதலாக வாங்கியவர்கள் வாய் திறக்கவில்லை. குறைந்தவர்கள் அழுதிருப்பார்கள், எனக்குத் தெரியாது. பஸ்ஸில் நான் பயந்தது நோட்டில் தப்பு இருக்குமோ என்றல்ல, இருக்காதோ என்றுதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாறுகிற எண்ணை அடையாளமாக வைத்தது என் தப்பு. மதிப்பெண்களைச் சேர்க்கை எண்ணோடு கட்டினேன். வரிசை எண்ணுக்கு நான்காவதாக ஓர் அட்டவணை: சேர்க்கை எண், ஆண்டு, வகுப்பு, வரிசை எண். இனி அது எப்படி நகர்ந்தாலும் மதிப்பெண் நகராது. எல்லா அட்டைகளையும் நோட்டோடு ஒத்துப் பார்த்து மறுபடி அச்சடித்தேன்.

திண்டிவனம் போய், கிளார்க்கை வைத்துக்கொண்டே சிஸ்டரிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, சேர்க்கை எண்ணை வைக்கச் சொன்னவரே இவர்தான், நான்தான் கேட்கவில்லை, அன்றைக்குப் பழியையும் இவர் மேல் போட்டேன் என்று. சிஸ்டர் புது அட்டையை எடுத்து வரிவரியாகப் பார்த்தார்.

கிளார்க்தான் பேசினார். “சரிம்மா. என்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். அந்தப் புள்ள ஊருக்குப் பன்னண்டே காலுக்கு வண்டி. அத வுட்டா சாயந்திரந்தான்.”

அவளுடைய சரியான அட்டையோடு நான் அந்த வண்டியில் ஏறினேன்.