நூறு எடுத்தாலும்

அந்தத் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் அவளுக்கு ‘சரிபார்ப்பு’ என்று பெயர். வைத்தது மேலாளர். ஒருமுறை அவர் அனுப்பிய சுற்றறிக்கையில் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமில்லை என்று அவள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் மாடிப்படி ஏறினாலே, “சரிபார்ப்பு வருது, எல்லாரும் சட்டைப் பித்தானைப் போட்டுக்குங்க” என்பார். அவளுக்கும் அந்தப் பெயர் உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. நாற்பத்தாறு வயதில் வேறு யார் அவளுக்குப் பெயர் வைக்கப்போகிறார்கள்.

சேரும்போது தட்டச்சராகத்தான் சேர்ந்தாள். தட்டச்சு இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது மற்ற இரண்டு தட்டச்சர்களும் வீட்டோடு நின்றுவிட்டார்கள். இவள் மட்டும் கையில் கிடைத்த பாடக்குறிப்புகளை வைத்துக்கொண்டு இணையப் பக்கம் எழுதக் கற்றாள். பதினெட்டு வருடமாக நிறுவனத்தின் இணையப் பக்கம் அவள் கையில்தான் இருக்கிறது. கல்யாணம் பேச வந்தவர்களிடம் தங்கை படிப்பு முடியட்டும் என்றாள். பிறகு தங்கை கல்யாணம் முடியட்டும் என்றாள். தங்கை கல்யாணமாகிப் போய், ஐந்தே வருடத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது, கேட்க யாரும் மிச்சமில்லை.

தங்கைக்கு எல்லாமே ‘கிட்டத்தட்ட’தான். கிட்டத்தட்ட கதவைப் பூட்டுவாள், கிட்டத்தட்ட அடுப்பை அணைப்பாள். “உன்னைச் சரிபாக்கவே எனக்குத் தனியா ஒரு சம்பளம் குடுக்கணும்டி” என்று அக்கா சொல்லாத நாளில்லை. அவளைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் நிறுவனத்திலேயே ஆய்வகப் பணியாளர் படிப்பில் சேர்த்தவளும் அக்காதான். தங்கை வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவள். மற்றவர்கள் அவளை ஆன்ட்டி என்றார்கள். ஆனாலும் போனாள். நகரத்து ஆய்வகம் ஒன்று, இந்த வருடச் சான்றிதழோடு வந்தால் வேலை என்று சொல்லி ஓர் இடத்தை நிறுத்தி வைத்திருந்தது. அதை நினைத்து அவள் காலையில் தானாகவே எழுந்திருக்க ஆரம்பித்தது அக்காவுக்கே ஆச்சரியம்.

அந்தப் படிப்பில் வருடம் முழுக்க நடக்கும் செய்முறைக்கும் வகுப்புத் தேர்வுக்கும் எண்பது சதவீதம், கடைசி எழுத்துத் தேர்வுக்கு இருபது சதவீதம். மொத்தத்தில் அறுபது வந்தால் தேர்ச்சி. கடைசித் தேர்வில் எத்தனை எடுத்தால் தப்பிக்கலாம் என்று மாணவர்கள் அலுவலக ஜன்னலில் வந்து நச்சரித்ததால், இந்த வருடம் மேலாளர் ஒரு யோசனை சொன்னார். இணையப் பக்கத்தில் ஒரு கட்டம் வை, மதிப்பெண்ணைப் போட்டால் விடை வரட்டும். கூடவே தன் பங்குக்கு ஒரு விதியும் சேர்த்தார். எவ்வளவு எடுத்தாலும் தேறமாட்டார்கள் என்று அந்தப் பக்கம் யாரைச் சொல்கிறதோ அவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு கிடையாது. வியாழன் நாலு மணிக்குள் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வருடம் முதலிலிருந்து படிக்க வேண்டும். தேர்வு ஹாலில் உட்கார்ந்து தோற்றவர்களுக்கோ இரண்டு மாதத்தில் துணைத்தேர்வு உண்டு. தோற்கிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க அவருக்குத் தெரிந்த வழி, தோற்கிறவர்களை உள்ளேயே விடாமல் இருப்பது.

கட்டத்துக்குப் பின்னால் ஓடிக் கணக்குப் போட வேண்டிய ஃபங்க்‌ஷனை அவள் ஒரே காலையில் எழுதிவிட்டாள். பன்னிரண்டு வரி. வேண்டிய மொத்தத்திலிருந்து இதுவரை சேர்ந்த பங்கைக் கழி, மீதியைக் கடைசித் தேர்வின் பங்கால் வகு. அதோடு விட்டால் அவள் சரிபார்ப்பா? கட்டத்தைக் காலியாக விட்டால் அவள் எழுதும் கணினி மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், எண்ணைப் போடச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். எழுத்தைப் போட்டால் அதற்கும் அப்படியே. கடைசித் தேர்வின் பங்கு பூஜ்யமாக இருந்தால் வகுக்கவே விடவில்லை. விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் ‘ஏற்கெனவே தேர்ச்சி’. நூறைத் தாண்டினால் ‘நூறு எடுத்தாலும் தேர்ச்சி பெற இயலாது.’ அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தாள். பிழையில்லை, நயமும் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தங்கை சமையலறை மேஜையில் நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் செல்பேசி.

“அக்கா, எனக்கு ஆவரேஜ் ஐம்பது. அதுல எண்பது சதவீதம்னா நாப்பது. அறுபதுக்கு இன்னும் இருபது வேணும். கடைசிப் பரீட்சையில நூறு எடுத்தா அந்த இருபது வந்துடுதுல்ல?”

அக்கா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இணையப் பக்கத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டாயிற்று, நூறு எடுத்தாலும் முடியாது என்கிறது என்றாள் தங்கை. அப்புறம் என்ன என்றாள் அக்கா.

“இல்லக்கா, என் கணக்குல வருதே.”

“உன் கணக்குல என்னதான்டி வரல? அந்த ஆளோட வாழ்ந்துடலாம்னுகூட உன் கணக்குல வந்துச்சு.”

தங்கை நோட்டை மூடவில்லை. பென்சிலால் அந்த நூறைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டாள். ஒருதரம் நோட்டைப் பார்க்கும்படி கெஞ்சினாள். எட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அக்கா எட்டிப் பார்க்கவில்லை. நான் எழுதியது தப்புச் சொல்லாது, ஐம்பது வாங்குகிறவள் நூறைப் பற்றி எதற்குப் பேச வேண்டும், இதில் போய் மூக்கை உறிஞ்சாதே, நாளைக்குப் போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டு வா என்று சொல்லி வெங்காயத்தை வாணலியில் கொட்டினாள்.

வியாழன் காலை பத்து மணிக்கு, அலுவலக ஜன்னலில் நின்று தங்கை கையெழுத்துப் போட்டாள். படிவத்தை வாங்கிய மேலாளர், சரிபார்ப்பு வீட்டிலேயே ஒரு சரியாகாதது இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். அக்காவும், பக்கத்து மேஜையிலிருந்து, கூடவே சிரித்தாள்.

பதினொன்றரைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதே வகுப்பு மாணவன் ஒருவன். தன் சராசரி ஐம்பது, கையால் போட்டால் சரியாக நூறு வருகிறது, பக்கம் முடியாது என்கிறது, நூறு என்பது நூறுக்குள் சேர்த்தியா இல்லையா என்று பணிவாகக் கேட்டிருந்தான்.

நூறு நூறுக்குள் சேர்த்திதான். அவள் எழுதிய வரியும் ‘நூறைவிட அதிகமானால்’ என்றுதான் இருந்தது. எரிச்சலோடு அந்த எண்களைப் போட்டு, உள்ளே வரும் விடையை அப்படியே திரையில் காட்டச் சொன்னாள். காட்டியது. நூறு, புள்ளி, பிறகு வரிசையாகப் பதின்மூன்று பூஜ்யம், கடைசியில் ஒரு மூன்று.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எண்பது சதவீதத்தைப் புள்ளி எட்டு என்று எழுதி, ஒன்றிலிருந்து அதைக் கழித்துக் கடைசித் தேர்வின் பங்கை எடுத்திருந்தாள். புள்ளி எட்டைக் கணினியால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. கழித்தால் புள்ளி இரண்டு வராது, அதற்கு மயிரிழை குறைவாகத்தான் வரும். இருபதை அதால் வகுத்தால் நூறுக்கு மயிரிழை கூடுதல். அந்த மயிரிழைக்குத்தான் ஃபங்க்‌ஷன் ‘இயலாது’ என்றது. எண்பது, இருபது என்று முழு எண்ணாகவே வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் நூறு நூறாகவே வந்திருக்கும். தங்கை நோட்டில் போட்டது அப்படித்தான்.

திருத்தினாள். சதவீதங்களை முழு எண்ணாக்கினாள். சராசரியில் புள்ளி வந்தாலும் சறுக்காமலிருக்க, நூறை மிக நுண்ணிய அளவு மீறினால் நூறாகவே கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தாள். ‘தேவை: 100’ என்று வந்தது. பன்னிரண்டு இருபதுக்கு அந்த மாணவனுக்குப் பதில் போட்டாள்: திருத்தப்பட்டது, நுழைவுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம், சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

இன்னும் மூன்று மணி நாற்பது நிமிடம் இருந்தது. விலகல் படிவத்தை ரத்துசெய்ய ஒரு வழி உண்டு, அந்தப் படிவத்தையே வடிவமைத்தவள் அவள்தான். ‘நிர்வாகப் பிழை’ என்று எழுதி, பிழை செய்தவர் காரணம் சொல்லிக் கையெழுத்திட்டு, மேலாளரிடம் நேரில் கொடுக்க வேண்டும். அச்செடுத்தாள். காரணம் என்ற இடத்துக்கு எதிரே பேனாவை வைத்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளர் யாருக்கோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தாளைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பதினெட்டு வருடம் அவர் காத்துக்கொண்டிருந்த தாள்.

சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். சாப்பிட்டுவிட்டு, ஐம்பது வாங்குகிறவள் நூறு எடுக்கவா போகிறாள் என்று நினைத்தாள். நூறு எடுக்க வேண்டாம், ஹாலில் உட்கார்ந்தாலே துணைத்தேர்வு உண்டு, ஆய்வகத்து இடமும் கைவிட்டுப் போகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மூன்றரைக்குத் தாளை நான்காக மடித்தாள். நாலு மணிக்கு மேலாளர் விலகல் படிவங்களைக் கட்டி, முத்திரை போட்டு அலமாரியில் வைத்தார். பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

வீட்டில் தங்கை சமைத்து வைத்திருந்தாள். பாத்திரங்களைக்கூடத் துலக்கியிருந்தாள். அக்கா கை கழுவி உட்கார்ந்ததும் செல்பேசியை அவள் முன்னால் நகர்த்தினாள்.

“சும்மா மறுபடி போட்டுப் பாத்தேன். இப்ப நூறுன்னு சொல்லுது.”

அக்கா தட்டைப் பார்த்தாள். ஒரு சின்னப் பிழை இருந்தது, சரிசெய்துவிட்டேன் என்றாள்.

“எப்ப?”

“இன்னிக்குத்தான்.”

“நாலு மணிக்கு முன்னாடியா, பின்னாடியாக்கா?”

தங்கையின் குரலில் குத்தல் எதுவுமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்கா பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. கடுஞ்சொல் உண்டு, பொய் கிடையாது.

“பின்னாடி.”

தங்கை தலையாட்டினாள். பிறகு அக்காவின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

“விடுக்கா. தெரிஞ்சிருந்தா நீ விட்டிருப்பியா. அதுக்காகச் சாப்பிடாம உக்காராத.”

அக்கா சாப்பிட்டாள். தங்கை செல்பேசியோடு வாசலருகே போய் நின்றாள். காலையில் கையெழுத்துப் போட்டதிலிருந்து அவமானத்தில் வகுப்புக் குழுவை அவள் திறக்கவே இல்லை. இப்போது திறந்து, குரலைத் தெளிவாக்கிக்கொண்டு, எல்லோருக்குமாகப் பேசிப் பதிவு செய்தாள்.

“இணையப் பக்கத்துல தப்பு இருந்துச்சுன்னு யாரும் எங்க அக்காவைத் தப்பா பேசாதீங்க. தெரிஞ்ச உடனே சரி பண்ணிட்டாங்க. அதுக்குள்ள நாலு மணி தாண்டிடுச்சு, அவ்வளவுதான். என் நேரம்.”

அனுப்பிவிட்டாள். குழுவில் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் ஒருவனிடம், பன்னிரண்டு இருபது என்று மணி போட்ட பதில் ஒன்று இருந்தது. அந்தப் பதிவை அழித்துவிடு என்று சொல்ல அக்கா காரணம் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

“அட, அதுக்குள்ள யாரோ டைப் பண்றாங்க” என்றாள் தங்கை, திரையைப் பார்த்தபடி.