விலகல் கடிதமும் ஒரு காலி உறையும்

பேட்டைப் பள்ளிக்கூடத்தில் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியபோது, என் கைக்குழந்தை அத்தையின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை என்றால் என் மாமியார். முகம் கொள்ளாத சந்தோஷத்தில் இருந்தார்கள்.

“பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து பியூன் வந்தாருட்டி. பெரிய டீச்சர் ஒன்னயத்தான் எடுத்திருக்காங்களாம். நாளைக்குக் காலைல ஆர்டர் அடிக்காங்களாம்.”

“நீங்க என்ன சொன்னிய அத்தை?”

“வந்துருவான்னேன்.”

பேட்டையில் சேரச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தது அத்தைக்கும் தெரியும். அதைச் சொன்னேன்.

“நல்ல சேதி கொண்டாந்த மனுசங்கிட்ட வாசல்ல வச்சு இல்லைன்னா சொல்லுவாவ? மோர் குடுத்து அனுப்பிருக்கேன். நீ பொறவு பைய சொல்லிக்கோ.”

இரண்டு இடத்துக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பித்திருந்தேன். பாளையங்கோட்டையில் இருந்தது அரசு உதவி பெறும் பழைய மிஷன் பள்ளி. கணக்கு டீச்சர் ஒருவர் பிரசவ விடுப்பில் போவதால் அந்த இடம் சில மாதங்களுக்கு மட்டும். பேட்டையிலோ சின்ன மெட்ரிக்குலேஷன் பள்ளி. சம்பளம் குறைவு, ஆனால் நிரந்தரம். மத்தியானம் நடந்து வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம். அவர்கள்தான் முதலில் கூப்பிட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து தகவல் வராத நிலையில் நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட நாளே பாளையங்கோட்டைக்கு விலகல் கடிதம் எழுதியிருக்கலாம். இன்னும் எடுக்கவே இல்லையே, எதற்கு முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டேன்.

உண்மையில் என் மனசு முழுக்கப் பாளையங்கோட்டையில்தான் இருந்தது. இன்றைக்கு இல்லாவிட்டாலும், பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு அங்கே நிரந்தர இடம் ஒன்று காலியானால், அரசுச் சம்பளம், ஓய்வூதியம். அந்த ஒரு வாசலை எனக்கு நானே மூடிக்கொள்ளக் கூடாது. ஆனால் வருவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டு வராமல் போனவள் பெயர் பிறகு அந்த வாசலில் எடுபடுமா?

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பள்ளிக்குப் போன் போட்டேன். கோடை விடுமுறை, அலுவலகம் காலையில் மட்டும்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், ஒரு லெட்டர் போட்டுவிடு என்றார். லெட்டர் போய்ச் சேரும் முன்னால் ஆர்டர் என் கைக்கு வந்துவிடும் என்றேன். அப்படியானால் பேசாமல் இரு, போகாவிட்டால் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடிதத்தை எழுதினேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று காரணம் போட்டேன். கடைசியில், பின்னால் நிரந்தர இடம் காலியாகும்போது என்னையும் கருத வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் வாசித்துவிட்டு, “போட்ட எலையை வேண்டாம்னுட்டு, பொறவு பந்தியில எடம் கேப்பியோ?” என்றார். அந்த வரியை அடித்தேன். அடித்தபின் கடிதம் மொட்டையாகத் தெரிந்தது. வேறு தாளில் மறுபடி எழுதினேன். அதிலும் அந்த வரியைச் சேர்க்கவில்லை, சேர்க்காமல் மனசும் ஆறவில்லை.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டும்போது அத்தையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். “சொன்னது நாந்தான? நானும் வாரேன்.”

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டது. கீழே தாமிரபரணியில் ஆட்கள் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்நேரம் எங்கோ ஒரு தட்டச்சு இயந்திரத்தில் என் பெயர் எழுத்தெழுத்தாக விழுவது போலவே இருந்தது.

அது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நான் உள்ளே நுழையும்போது கிளார்க் தாளைச் செருகித் தட்டிக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியை நிமிர்ந்து, வாங்க, ஆர்டரை நேரில் வாங்கவே வந்துட்டியளா என்று சிரித்தார். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்துதான் கிடந்தது.

“டீச்சர், நான் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கிடுதேன்.”

தட்டச்சு நின்றது.

“நேத்து வருவீங்கன்னுல்ல சொல்லி அனுப்பினாங்க?”

என் மாமியார் தெரியாமல் சொல்லிவிட்டார்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெளியே அத்தை பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

“வந்தவருக்கு மரியாதைக்குச் சொன்னது டீச்சர். பேட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல நான் முன்னாலயே ஒத்துக்கிட்டேன். ஒங்களுக்கு அப்பவே தெரிவிச்சிருக்கணும்.”

அவர் கடிதத்தை வாங்கி வாசித்தார். “குடும்பச் சூழ்நிலைன்னு போட்டிருக்கிய. வீட்ல யாருக்கும் சொகமில்லையா?”

“அப்படி ஒண்ணும் இல்ல டீச்சர்.”

“அப்போ உள்ளதை எழுதுங்க. பள்ளிக்கூடக் கமிட்டியில என்னயத்தான் கேப்பாங்க.” ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். தள்ளியபடியே, அடுத்த பெயர் ராதாபுரத்துப் பிள்ளை என்றும், வேறு இடத்தில் கூப்பிட்டும் இதற்காகவே பதில் சொல்லாமல் காத்திருக்கிறாள் என்றும் சொன்னார். “இந்த ஆர்டர் ஒங்க வீட்டுக்கு வந்து, நீங்க சேராம, நான் மறுபடி கமிட்டியில சொல்லி... அவ அது வரைக்கும் நிப்பாளா?”

நின்றுகொண்டே எழுதினேன். பேட்டையில் நிரந்தர வேலையை ஏற்றுக்கொண்டேன், பிள்ளை சிறியவன், வீட்டுக்கு அருகில், அதனால் விலகுகிறேன், என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. பேனா அங்கே நின்றது. வீட்டுக்காரர் சொன்ன பந்தி ஞாபகத்துக்கு வந்தது. பிறகு எப்படியோ அந்த வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவர் கடைசி வரியில் விரலை வைத்தார். “ஆர்டரும் வேண்டாம், வாசலையும் பூட்டக் கூடாது. அப்படித்தான?”

முகம் சுட்டது. “ஆமா டீச்சர்.”

“நான் வாக்குக் குடுக்க முடியாது. எடம் வந்தா எல்லாரையும் மாதிரி நேர்முகத்துக்கு வரணும். பேட்டைக்காரங்களை நடுவருசத்துல விட்டுட்டு இங்க வந்து நின்னியன்னா எடுக்க மாட்டேன்.”

“சரி டீச்சர்.”

கிளார்க் பாதி அடித்த தாளை உருவி எடுத்துவிட்டு, என் விண்ணப்பத்தைக் கோப்பிலிருந்து பிரித்தார். விண்ணப்பத்தோடு சுய முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று வைக்க வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். என் உறை காலியாக அதில் குத்தியிருந்தது. ரெண்டையும் திருப்பிக் கொடுத்துவிடவா என்று கேட்டார். தலைமை ஆசிரியை ராதாபுரத்துக்காரி பெயரை ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்தார்.

“விண்ணப்பத்தைக் குடுத்திரும். உறை இருக்கட்டும்.”

திரும்பும் பஸ்ஸில் பிள்ளையை என் மடிக்கு மாற்றியபோது அத்தை, “என் பேரைச் சொல்லிருக்கலாமே” என்றார்கள்.

வீட்டுக்கு வந்தும் நிம்மதி இல்லை. உறையை வைத்துக்கொண்டது தயவா, சும்மா மறதியா என்று பேட்டைப் பள்ளியின் கரும்பலகை முன்னால் நிற்கும்போதுகூட யோசித்திருக்கிறேன். அந்தக் கடைசி வரியை எழுதாமல் இருந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்குமோ என்றும் தோன்றும்.

பிள்ளை வாசல்படியைத் தானாக இறங்கக் கற்றுக்கொண்ட பிறகு, முழுப்பரீட்சை முடிந்த ஒரு மத்தியானம், அத்தை கையில் ஓர் உறையோடு உள்ளே வந்தார்கள். முகவரி என் கையெழுத்தில் இருந்தது. தபால் கட்டணம் ஏறியதில் நான் ஒட்டிய தபால்தலை போதாமல் போயிருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொன்றை யாரோ கோணலாக ஒட்டியிருந்தார்கள். உள்ளே பாளையங்கோட்டைப் பள்ளியின் தாள் ஒன்று: மூத்த கணக்கு ஆசிரியை ஓய்வு பெறுகிறார், விருப்பமிருந்தால் விண்ணப்பிக்கலாம்.

எனக்கு அதை இரண்டாவது முறை வாசிக்கப் பயமாக இருந்தது.

“தபால்காரருக்கு மோர் குடுத்தேன்” என்றார்கள் அத்தை. “இந்தத் தடவ நான் ஒண்ணும் சொல்லலட்டி.”