மூக்கு வழி வராத காற்று

நான் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு, பேரையூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டிக்காரரைக் கொண்டுவந்தார்கள். தொண்டையில் கட்டி வளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிட்டது. டாக்டர் அன்றைக்கே கழுத்தின் முன்புறம் துளைபோட்டு, வெள்ளிக் குழாய் ஒன்றைச் செருகினார். அதன் வழியாகத்தான் இனி அவருக்கு மூச்சு. பேச்சு கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார்.

பெண்டாட்டி கூடவே இருந்தாள். ஒருநாள் தலையில் வைத்திருந்த மல்லிகையை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினாள். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“வாசம் தெரியலையாம் நர்சம்மா. மூக்கு நல்லாத்தானே இருக்கு?”

“மூக்கு நல்லாத்தான் இருக்கு. காத்து அது வழியாப் போகலையே, அப்புறம் எப்படி வாசம் தெரியும்?” என்றேன். “வாசம் மட்டும் இல்ல. நம்ம மூக்குக்குள்ள எப்பவும் ஈரம் இருக்கும், அந்தத் தோலுக்கு அடியில சூடான ரத்தம் ஓடுது. வெளிக்காத்து எம்புட்டு வறட்சியா, குளிரா வந்தாலும் அது வெதுவெதுப்பாக்கி, நனைச்சு உள்ள அனுப்பும். தூசியை முடியும் சளியும் பிடிச்சுக்கிரும். இவருக்கு அந்த வேலையெல்லாம் நின்னுபோச்சு. காத்து அப்படியே நெஞ்சுக்குள்ள போகுது. சளி காய்ஞ்சு பொருக்காகி, குழாயை அடைச்சுரும்.”

“அப்ப மூக்கு பார்த்த வேலையை நாம பார்க்கணுமாக்கும்?”

“ஆமா.”

அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் சல்லாத் துணியை நனைத்துப் பிழிந்து, குழாய்வாய்க்கு முன்னால் தொங்கவிட வேண்டும். காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். பெரிய குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கும். அதை அடிக்கடி கழற்றி, கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கட்டி இருக்கத்தான் செய்தது. ஆனாலும் கொஞ்ச காலம் நன்றாகவே இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தை கடைசியில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பூத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் குழாய் விசிலடித்தது. டாக்டர் இடுக்கியால், குழாய்க்குக் கீழே மூச்சுக்குழலில் ஒட்டியிருந்த பொருக்கை எடுத்தார். சுண்டுவிரல் நுனியளவு, மரப்பட்டைபோல் கெட்டி. அதில் சோளத் தூசி ஒட்டியிருந்தது. மூச்சு கொஞ்சம் இளகியது. ஆனால் நுரையீரலில் அதற்குள் சீதசுரம், அதாவது நிமோனியா, கண்டுவிட்டது. அந்த நாளில் அதற்கு எங்களிடம் பெரிய மருந்து ஒன்றும் கிடையாது. ஆவி பிடிக்கவைத்தோம், முதுகில் ஒத்தடம் கொடுத்தோம். மறுநாள் சாயங்காலம் அவர் கட்டில் சட்டத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

அவருடைய தாயாரும் வந்திருந்தாள். உடலைத் துடைத்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்தாள்.

“மருமக அண்ணன் வீட்டுல ஒரு சாவு. அங்க போயிட்டா. நாந்தான் பார்த்துக்கிட்டேன். பனி அம்புட்டுக் கொட்டுது, ஈரத்துணி கழுத்துல கெடந்தா சளி பிடிக்காதா? எடுத்துப்புட்டேன் தாயி. காய்ஞ்ச துண்டைச் சுத்திவிட்டேன். களத்துல சோளம் தூத்தினோம், அவனும் வந்து உக்காந்திருந்தான். மூணாம் நாளு இவ திரும்பி வர்றப்ப மூச்சு இழுக்குது. அந்தத் துணியாலயா? நான் எடுத்ததாலயா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் குறுக்கே வந்தாள்.

“இல்ல அத்தே. அவுகளுக்குக் கட்டி உள்ள இறங்கிருச்சு. டாக்டரு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிட்டாரு. யாரு பார்த்தாலும் இதுதான்.”

“நெசமாவா நர்சம்மா?”

மருமகள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. அந்தப் பொருக்கை டாக்டர் எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவள். எதனால் வந்தது என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“ஆமாம்மா, கட்டிதான்,” என்றேன்.

கிழவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் கையை விட்டுவிட்டாள். வராந்தாவில் நான் மருமகளிடம் தனியாகப் பேசப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

“எங்க அத்தைக்கு இருந்தது ஒத்தப் பிள்ளை. அவுககிட்ட யாரும் சொல்லிராதீக.”

“நீ எப்படித் தாங்குவே?”

“ஒரே வீட்டுலதான நாங்க ரெண்டு பேரும் இருக்கணும்,” என்றாள்.

வாசலில் வண்டி நின்றது. மாமியாரை முதலில் ஏற்றி, வைக்கோலைக் குவித்து முதுகுக்குத் தாங்கல் கொடுத்தாள். பிறகுதான் புருஷனுடைய தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.